இறுதிக் கணக்குத் தீர்வு அறிக்கை

நாள்: 05.04.2024

பெறுநர்: பணியாளர் எண் 0386, கிடங்கு மேற்பார்வையாளர், சென்னைக் கிளை
பணியில் சேர்ந்த நாள்: 06.06.2012
பணி விலகல் கடிதம் தந்த நாள்: 01.02.2024
கடைசிப் பணி நாள்: 20.03.2024
மாதச் சம்பளம்: அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் ரூ. 31,200, வீட்டு வாடகைப்படி ரூ. 9,200, பயணப்படி ரூ. 3,000, மொத்தம் ரூ. 43,400

மதிப்பிற்குரிய அம்மையீர்,

தங்கள் பணி விலகலை ஏற்று, 20.03.2024 மாலையுடன் பணியிலிருந்து விடுவித்தோம். தங்களுக்கு நாங்கள் தர வேண்டியதும், தங்களிடமிருந்து பிடிக்க வேண்டியதும் கீழே உள்ளன. தாங்களே கூட்டிப் பார்த்துச் சரிபார்ப்பதற்காக ஒவ்வொரு தொகையும் வந்த வழியையும் எழுதியிருக்கிறோம்.

அ. தர வேண்டியவை

1. மார்ச் 1 முதல் 20 வரையிலான சம்பளம் (43,400 ÷ 31 × 20): ரூ. 28,000
2. எடுக்காத ஈட்டிய விடுப்பு 23 நாள், நாளொன்றுக்கு ரூ. 1,040 (31,200 ÷ 30): ரூ. 23,920
3. பிப்ரவரியில் ராணிப்பேட்டை கிடங்குக்குச் சென்று வந்த பயணச் செலவு, ரசீதுப்படி: ரூ. 1,860

கூடுதல்: ரூ. 53,780

விடுப்புக் கணக்கு, வருகைப் பதிவேட்டுடன் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது. ஜனவரியில் எடுத்த இரண்டு நாள் தற்செயல் விடுப்பு ஆகையால், ஈட்டிய விடுப்பிலிருந்து அவை கழிக்கப்படவில்லை.

ஆ. பிடித்தங்கள்

1. அறிவிப்புக் காலக் குறைவு: ரூ. 6,240
2. தீபாவளி முன்பணத்தின் மீதி: ரூ. 7,500
3. மார்ச் மாத வருங்கால வைப்பு நிதி, தங்கள் பங்கு (15,000-இல் 12 சதவீதம்): ரூ. 1,800

கூடுதல்: ரூ. 15,540

முதல் இனத்தைச் சற்று விளக்க வேண்டும். நியமன ஆணைப்படி 60 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். பிப்ரவரி 1-ஐயும் சேர்த்து எண்ணினால் அது மார்ச் 31-இல் முடியும். தாங்கள் 20-ஆம் தேதியே விலகியதால் 11 நாள் குறைகிறது. ஆனால் பொறுப்பு ஒப்படைப்பின்போது முழு இருப்பையும் எண்ணி, ஒரு பொருள்கூட விடுபடாமல் பட்டியலிட்டுத் தந்தீர்கள். அடுத்து வந்தவர் முதல் நாளிலிருந்தே தடையின்றி வேலை செய்ய அதுவே காரணம் என்று கிளை மேலாளர் எழுதியிருக்கிறார். அவர் பரிந்துரைப்படி 5 நாளைத் தள்ளுபடி செய்துவிட்டு, 6 நாளுக்கு மட்டும் அதே ரூ. 1,040 வீதத்தில் பிடித்திருக்கிறோம்.

முன்பணம் ரூ. 15,000-இல் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மூன்று தவணைகள் கழிந்தன. இதற்கு வட்டி இல்லை. தொழில் வரி பிப்ரவரிச் சம்பளத்திலேயே பிடிக்கப்பட்டுவிட்டது. வருமான வரி பிடித்தம் எதுவும் எழவில்லை. கணினி, கைப்பேசி, அடையாள அட்டை, கிடங்குச் சாவிகள் அனைத்தும் வந்து சேர்ந்தன. அவற்றின் பேரில் பிடித்தம் இல்லை.

இ. பணிக்கொடை

தங்கள் பணிக்காலம் 11 ஆண்டு 9 மாதத்துக்குச் சற்று மேல். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பகுதி முழு ஆண்டாகக் கொள்ளப்படுவதால், கணக்கில் 12 ஆண்டு.

31,200 × 15 ÷ 26 × 12 = ரூ. 2,16,000

1972-ஆம் ஆண்டு பணிக்கொடைச் சட்டத்தின்படியான கணக்கு இது. தொகை சட்ட உச்சவரம்பான ரூ. 20 லட்சத்துக்குள் இருப்பதால் முழுவதற்கும் வருமான வரி விலக்கு உண்டு. பன்னிரண்டு ஆண்டு உழைப்புக்கு உரிய இந்தத் தொகையில், மேலே சொன்ன பிடித்தங்கள் எதையும் கழிக்கவில்லை. அவை அனைத்தும் சம்பளம், விடுப்புத் தொகைகளிலிருந்தே தீர்க்கப்பட்டன.

ஈ. தங்களுக்குச் சேரும் தொகை

சம்பளம் முதலானவற்றின் நிகரம் (53,780 – 15,540): ரூ. 38,240
பணிக்கொடை: ரூ. 2,16,000
மொத்தம்: ரூ. 2,54,240 (இரண்டு லட்சத்து ஐம்பத்து நான்காயிரத்து இருநூற்று நாற்பது ரூபாய் மட்டும்)

நிகரத் தொகை தங்கள் சம்பளக் கணக்கில் இன்று வரவு வைக்கப்படுகிறது. பணிக்கொடை 12.04.2024 அன்று தனியாக வரும். சட்டம் தரும் 30 நாள் கெடு ஏப்ரல் 19 வரை இருக்கிறது.

வருங்கால வைப்பு நிதி இந்த அறிக்கையில் சேராது. வேறு நிறுவனத்தில் சேர்வதாக இருந்தால், பணத்தை எடுக்காமல் அதே யூஏஎன் எண்ணுக்குக் கீழ் மாற்றிக்கொள்வதே தங்களுக்கு நல்லது. பத்து ஆண்டு கடந்துவிட்டதால் ஓய்வூதியப் பங்கை ரொக்கமாக எடுக்க முடியாது. அந்தப் பணிக்காலம் பிற்கால ஓய்வூதியத்துக்குக் கணக்கில் நிற்கும்.

பணிச் சான்றிதழும் மார்ச் சம்பளச் சீட்டும் இத்துடன் உள்ளன. படிவம் 16, ஜூன் 15-க்குள் தங்கள் மின்னஞ்சலுக்கு வரும்.

எந்த இனத்திலாவது ஐயம் இருந்தால், இன எண்ணைக் குறிப்பிட்டு ஏப்ரல் 20-க்குள் எழுதுங்கள். அதற்காகத் தொகை எதுவும் நிறுத்தி வைக்கப்படாது. தவறு எங்களுடையதாக இருந்தால் வித்தியாசத்தை ஏழு நாளுக்குள் செலுத்திவிடுவோம்.

இப்படிக்கு,
மனிதவள மேலாளர்

நகல்: கணக்குப் பிரிவு, கிளை மேலாளர்