மூடிய கடைக்கு வந்த பொருள் சேவை வரி நோட்டீஸுக்குப் பதில்

1 டிசம்பர் 2025

அனுப்புநர்: ரா. முத்துவேல், முன்பு தேக்கா வட்டாரத்தில் மளிகைக் கடை நடத்தியவர்

பெறுநர்: பொருள் சேவை வரிப் பிரிவு அதிகாரி அவர்கள்

பொருள்: 1.7.2025 முதல் 30.9.2025 வரையிலான காலத்துக்கு விதிக்கப்பட்ட உத்தேச வரியை ரத்து செய்யக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தமிழும் சிங்கப்பூரின் அதிகாரத்துவ மொழி என்பதால், எனக்குத் தெளிவாக வரும் மொழியிலேயே எழுதுகிறேன்.

நவம்பர் 10 தேதியிட்ட உங்கள் நோட்டீஸ் என் பழைய கடை முகவரிக்குப் போயிருக்கிறது. இப்போது அங்கே கைப்பேசிக் கடை வைத்திருக்கும் தம்பி, கடிதத்தைப் பத்திரமாக எடுத்துவைத்து 26ஆம் தேதி என்னிடம் கொடுத்தார். நோட்டீஸ் தேதியிலிருந்து முப்பது நாள் ஆவதற்குள் இந்தப் பதிலை அனுப்புகிறேன்.

ஜூலை–செப்டம்பர் காலாண்டுக்கு நான் வரிக்கணக்குத் தாக்கல் செய்யவில்லை என்று சொல்லி, உத்தேச வரி 2,400 வெள்ளி, அதற்கு ஐந்து விழுக்காட்டு அபராதம் 120 வெள்ளி, தாமதத் தாக்கலுக்கு 200 வெள்ளி, ஆக மொத்தம் 2,720 வெள்ளி கட்டச் சொல்லியிருக்கிறீர்கள். இந்தத் தொகையை நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தக் காலாண்டில் ஜூலை மாதத்துக்குக் கணக்குக் கொடுத்து வரியும் கட்டியாயிற்று. மற்ற இரண்டு மாதங்களில் எனக்குப் பதிவே இல்லை.

கடையை 30 ஜூன் 2025 அன்று மூடினேன். ஜூலை 3 அன்று பதிவை ரத்து செய்ய இணையத்தில் விண்ணப்பித்தேன். உணவகங்களுக்கு மொத்தமாகச் சரக்குப் போட்டதால் 2019இல் நானே விரும்பி எடுத்த பதிவு அது. என் விற்பனை ஒருபோதும் பத்து லட்சம் வெள்ளியைத் தொட்டதில்லை. விரும்பிப் பதிந்தவர்கள் குறைந்தது இரண்டு ஆண்டு பதிவில் இருக்க வேண்டும் என்ற காலமும் எப்போதோ கடந்துவிட்டது. ஜூலை 16 தேதியிட்ட கடிதத்தில், என் பதிவின் கடைசி நாள் 31 ஜூலை 2025 என்று உங்கள் அலுவலகமே எழுதியிருக்கிறது. நோட்டீஸை அனுப்புமுன் யாராவது அந்தக் கடிதத்தைப் பார்த்திருக்கலாம்.

கடைக் கதவை இறக்கிவிட்டாலும் பதிவு ஜூலை முடியும்வரை நடப்பில் இருந்தது. அதனால் மிச்சச் சரக்கைப் பக்கத்துத் தெரு வியாபாரி ஒருவருக்கு விற்றபோதும் வரி போட்டேன். பொன்னி அரிசி மூட்டைகள், உளுந்து, துவரம்பருப்பு, நல்லெண்ணெய் டின்கள் எல்லாம் சேர்த்து 7,350 வெள்ளி. ஒன்பது விழுக்காட்டுக்கு 661 வெள்ளி 50 காசு. “கடைதான் மூடியாச்சே அண்ணே, வரி எதுக்கு?” என்று அவர் கேட்டார். பதிவு இருக்கும்வரை வரி உண்டு என்று சொல்லி, வரித் தொகையைப் பில்லில் தனியாக எழுதிக் கொடுத்தேன். நகலை இணைத்திருக்கிறேன், பில்லின் கடைசியில் அவருடைய கையெழுத்தும் இருக்கிறது.

இறுதிக் கணக்கான GST F8 படிவத்தை ஆகஸ்ட் 18 அன்று, கெடு முடியுமுன், தாக்கல் செய்தேன். இந்த 661.50 வெள்ளியையும் அன்றே கட்டினேன். ஜூலை 31 அன்று என் கையில் மிஞ்சியவை பழைய குளிர்பெட்டி ஒன்றும், தராசும், இரும்பு அலமாரிகளும்தான். அவற்றின் மதிப்பு 4,200 வெள்ளி. பத்தாயிரம் வெள்ளிக்கு மேல் போகாததால் அவற்றுக்கு வரி வரவில்லை. ஆகஸ்ட் 1க்குப் பிறகு நான் எதையும் விற்கவில்லை, யாரிடமும் வரி வாங்கவும் இல்லை.

நான் கொடுத்த F8 கணக்கு ஜூலைக்கு உரியது. அதைப் பதிவேட்டில் சேர்க்காமல், வழக்கமான காலாண்டுக் கணக்கு வரவில்லை என்று எடுத்துக்கொண்டதால்தான் இந்த உத்தேச வரி வந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். வியாபாரம் நடந்த காலத்தில் ஒரு காலாண்டும் தவறாமல் கணக்குக் கொடுத்தவன் நான். விற்பனை இல்லாவிட்டாலும் பூச்சியம் போட்டுத் தாக்கல் செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியும். கட்ட வேண்டியதைக் கட்டிய பிறகும் கட்டாதவன் என்ற பெயர் ஏட்டில் நிற்பது எனக்குப் பெரிய வருத்தம்.

ஆகவே உத்தேச வரியையும் இரண்டு அபராதங்களையும் முழுமையாக ரத்து செய்து, என் பெயரில் பாக்கி ஏதுமில்லை என்று எழுத்தில் உறுதிசெய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். முடிவு தெரியும்வரை வசூல் நடவடிக்கையோ மேல் அபராதமோ வேண்டாம். இனி வரும் கடிதங்களை, உறையின் பின்புறம் எழுதியுள்ள என் வீட்டு முகவரிக்கு அனுப்புங்கள்; கடை முகவரியைப் பதிவிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கணக்குப் புத்தகங்கள், பில்கள் எல்லாம் ஐந்து ஆண்டுக்கு வைத்திருக்க வேண்டும் என்பதால் வீட்டில் பெட்டிகளில் அடுக்கியிருக்கின்றன. எப்போது கேட்டாலும் கொண்டுவந்து காட்டத் தயார்.

இணைப்பு: நோட்டீஸ் நகல் (என் பதிவு எண் அதில் உள்ளது), பதிவு ரத்துக் கடிதம், GST F8 தாக்கல் செய்ததற்கான ஒப்புகை, 661.50 வெள்ளி கட்டிய வங்கி ரசீது, மிச்சச் சரக்கு விற்ற பில், ஜூலை 31 அன்று எடுத்த இருப்புப் பட்டியல்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
ரா. முத்துவேல்