பாட்டியின் காது

எல்லோருக்கும் வணக்கம். கல்யாணப் படங்களை டச்சப் செய்வதைப் பற்றிப் பேசச் சொன்னார் நம் செயலாளர். பாடம் எடுக்கப் போவதில்லை. நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன்.

பதினைந்து வருடம் இருக்கும். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம், பாட்டியைக் கூட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்தது. சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும். பாட்டிக்குக் காது தோளைத் தொட்டது. பாம்படம் போட்டு வளர்த்த காது. பாம்படத்தை யார் கல்யாணத்துக்கோ அழித்துவிட்டார்கள். வெறும் காது மட்டும் தொங்கியது. அந்தத் தலைமுறையில் பலர் காதை அறுத்துத் தைத்துக்கொண்டது எனக்குத் தெரியும். பாட்டிக்கும் அதுதான் பிடிக்கும் என்று நானாக முடிவு செய்து, குளோன் ஸ்டாம்பை எடுத்து இரண்டு காதையும் சுருக்கிவிட்டேன். இரண்டு மணி நேர வேலை. சுவடே தெரியாது. எனக்கு ஒரே பெருமை.

பாட்டி ஃப்ரேமைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். “ஏய்யா, இது எங்க அக்காள்ள! அவதான் காத அறுத்துத் தச்சா. நான் மாட்டேன்னுட்டேன்.”

அன்றிலிருந்து தழும்பு, மச்சம், பச்சை குத்தியது எதையும் கேட்காமல் தொடுவதில்லை. கேட்பது படத்தில் இருப்பவரிடம். பணம் தரும் சித்தப்பாவிடம் அல்ல. பரு என்றால் கேட்கவே வேண்டாம், அது அடுத்த வாரம் தானே போய்விடும். முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி தூங்காத கண்ணின் கருவளையத்தைப் பாதி குறைப்பேன். முழுதும் எடுத்தால் கண் பொம்மைக் கண்ணாகிவிடும்.

அப்புறம் நிறம். இதில்தான் நாம் எல்லோரும் மாட்டுகிறோம். “பொண்ணு கொஞ்சம் கலரா வரட்டும்” என்பார்கள். மேடை லைட்டின் மஞ்சளை எடுப்பது திருத்தம். அதைச் செய்யத்தான் வேண்டும். அதற்குப் பட்டு வேட்டியை நம்பாதீர்கள், அது சந்தன நிறம். நாதஸ்வரக்காரரின் பருத்தி வேட்டியில் ஒயிட் பேலன்ஸ் எடுங்கள். எடுத்ததும் கையை எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் முகத்தை வெளுத்தால், தாலி முடிச்சுப் பக்கத்தில் கழுத்து காட்டிக்கொடுத்துவிடும். முகம் ஒருத்தி, கழுத்து இன்னொருத்தி என்று எத்தனை ஆல்பம் பார்த்திருக்கிறோம்!

நார்வேயில் 2022 ஜூலையிலிருந்து, விளம்பரப் படத்தில் உடல் வடிவத்தையோ தோலையோ மாற்றினால் அதைப் படத்திலேயே குறிப்பிட வேண்டும் என்று சட்டம். நம் கல்யாண ஆல்பத்துக்கு அப்படி ஒரு முத்திரை வந்தால் எத்தனை பக்கம் தப்பும் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

வேலை செய்யும்போது ஒன்று மட்டும் செய்யுங்கள். நூறு சதவீத ஜூமிலேயே உட்கார்ந்திருக்காமல் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து, நாலடி தள்ளி நின்று பாருங்கள். அங்கிருந்து தெரியாத குறையைத் திருத்துகிறோம் என்றால் நமக்கு வேலை இல்லை என்று அர்த்தம்.

பாட்டியின் இரண்டு ஃபைலும் என்னிடம் இருக்கிறது. அந்த லைட்டை அணையுங்கள், முதலில் நான் கெடுத்ததைக் காட்டுகிறேன்.