சீசனுக்கு முன் பாதுகாப்புப் பயிற்சி: ஐஸ் கம்பெனி, மண்டபம்

ஸ்லைடு 1: தொடக்கம்
படம்: கம்பெனியின் கூரை, அதன் மேல் கம்பத்தில் ஆடும் காற்றுப் பை.

ஜூன் 14-ல் மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. அதற்கு முன்பே ஐஸ் ஏற்ற வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். அந்த அவசரத்தில் யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுக்க முடியாது. அதனால்தான் இன்றைக்கே உட்கார்ந்திருக்கிறோம்.

*பயிற்சி தருபவருக்கு:* வடமாநிலத் தம்பிகள் பலருக்குத் தமிழ் படிக்க வராது. வாசித்துக் காட்டினால் தலையாட்டிவிட்டுப் போவார்கள். படத்தைக் காட்டுங்கள், செய்து காட்டுங்கள், அப்புறம் அவர்களைச் செய்யச் சொல்லுங்கள்.

ஸ்லைடு 2: நான்கு குறிகள்
படம்: நான்கு குறிகளும் பெரிதாக.

சிவப்பு வட்டம், குறுக்கே கோடு: செய்யாதே.
நீல வட்டம்: கட்டாயம் செய்.
மஞ்சள் முக்கோணம்: ஆபத்து இருக்கிறது.
பச்சைக் கட்டம்: வெளியேறும் வழி, முதலுதவி.

இனி வரும் படங்களில் இடப்பக்கம் ✔, வலப்பக்கம் ✘. சிலருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத் தெரியும். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

ஸ்லைடு 3: அமோனியா கசிந்தால் எந்த வாசல்?
படம்: மேலிருந்து பார்த்த கம்பெனி. நடுவில் மெஷின் ரூம், வடக்கே ரோட்டு வாசல், தெற்கே கடல் பக்க வாசல். காற்று அம்புக்குறியாக.

✔ முதலில் காற்றுப் பையைப் பார். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்து வாசலுக்குப் போ. வாயு வழியை மறித்தால் காற்றுக்குக் குறுக்கே ஒதுங்கி வெளியேறு.
✘ பழக்கத்தில் ரோட்டு வாசலுக்கு ஓடாதே.

இப்போது கச்சான் அடிக்கிற காலம். காற்று தென்மேற்கிலிருந்து வரும். கசிந்த வாயு ரோட்டு வாசல் பக்கம்தான் போகும். தினமும் வந்துபோகும் வாசலே அன்றைக்குத் தப்பான வாசல். மழைக்காலத்தில் வாடை திரும்பினால் கணக்கும் திரும்பும்.

✔ ஈரத்துண்டால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு வெளியே வா.
✘ ஈரத்துண்டை நம்பி உள்ளே போகாதே. துண்டு வெளியேறுவதற்கு மட்டும்தான்.

✘ தரையில் தேங்கிய திரவ அமோனியா மேல் தண்ணீர் ஊற்றாதே. அது மைனஸ் 33 டிகிரியிலேயே கொதிப்பது. தண்ணீரின் சூடு பட்டால் இன்னும் வேகமாக வாயுவாகக் கிளம்பும்.

*பயிற்சி தருபவருக்கு:* ஐஸ் திருட்டுக்குப் பயந்து தெற்கு வாசலைப் பூட்டும் வழக்கம் இருக்கிறது. ஆள் வேலையில் இருக்கும்வரை அந்தப் பூட்டு தொங்கக் கூடாது. இதைச் சூப்பர்வைசர் முன்னிலையிலேயே சொல்லுங்கள்.

ஸ்லைடு 4: ஆயில் இறக்கும்போது
படம்: வால்வின் பக்கத்தில் நிற்கும் ஆள் ✔. வால்வைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போகும் ஆள் ✘.

ஆயில் தீர்ந்ததும் பின்னாலேயே அமோனியா வரும். வால்வில் கை வைத்தவர் அதை மூடும்வரை நகரக் கூடாது. போன் வந்தாலும், முதலாளியே கூப்பிட்டாலும்.

ஸ்லைடு 5: கிரஷர்
படம்: மெயின் சுவிட்சில் பூட்டு ✔. ஓடும் கிரஷருக்குள் காலால் ஐஸைத் தள்ளும் ஆள் ✘.

✔ ஐஸ் சிக்கினால் மெயினை அணை, பூட்டுப் போடு, சாவியை உன் பையில் வை. பல் முழுதாக நின்ற பிறகு கட்டையால் எடு.
✘ லுங்கி, கழுத்துத் துண்டு, தொங்கும் கயிறு: கிரஷர் பக்கம் எதுவும் வேண்டாம்.

ஸ்லைடு 6: தரை, தொட்டி, கரண்ட்
படம்: கம்பூட் ✔, ரப்பர் செருப்பு ✘. மூடிய உப்புத்தண்ணித் தொட்டி ✔, பலகை எடுத்துக் கிடக்கும் தொட்டி ✘.

கேனைத் தூக்கியதும் பலகையைத் திரும்பப் போடு. சறுக்கி வரும் ஐஸ் பாரைக் காலால் தடுக்காதே. வழியை விட்டு விலகு, போகட்டும். டேப் சுற்றிய வயரை ஈரத்தரையில் இழுக்காதே.

ஸ்லைடு 7: பட்டுவிட்டால்
படம்: குழாயடியில் கண்ணைத் திறந்து கழுவும் ஆள் ✔. கண்ணைக் கசக்கும் ஆள் ✘.

கண்ணிலோ தோலிலோ அமோனியா பட்டால் சுத்தமான தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவு. எரிச்சல் குறைந்தாலும் நிறுத்தாதே. பட்ட துணியைக் கழற்று. தோலோடு உறைந்து ஒட்டியிருந்தால் பிய்க்காமல் முதலில் தண்ணீர் ஊற்று. எண்ணெய், தாய்ப்பால், மஞ்சள் எதுவும் போடாதே.

ஆம்புலன்ஸ் 108. தீயணைப்பு 101.

ஸ்லைடு 8: இப்போது வெளியே
படம்: காற்றுப் பையைச் சுட்டும் விரல்.

எல்லோரும் மெஷின் ரூம் வாசலில் நில்லுங்கள். விசில் ஊதியதும் காற்றைப் பார்த்து வெளியேறுங்கள். ரோட்டு வாசலுக்கு ஓடியவர்கள் மறுபடி ஒருமுறை.