தோஹாவிலிருந்து கணித சேருக்கு

அன்புள்ள சேர்,

சுகமா இருக்கிறீங்களா? டீச்சர்ட முழங்கால் வருத்தம் இப்ப எப்படி? போன கிழமை கல்லடிப் பாலத்தில நீங்க சைக்கிள்ல போறதக் கண்டதா தம்பி சொன்னான், கேட்க சந்தோசமா இருந்திச்சு.

சேர், நான் மாஸ்டர்ஸுக்குக் கேக்கிற ஜி.ஆர்.இ சோதனை எடுக்கப் போறன், நவம்பர் கடைசிக்கு புக் பண்ணிட்டன். நீர்வளத்தில மாஸ்டர்ஸ் செய்யோணும். 2011 ஜனவரி வெள்ளத்தில அம்மா இடுப்பளவு தண்ணிக்குள்ள நிண்டு நெல்லு மூட்டைய மேசைக்கு மேல ஏத்தினது இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது, அண்டைக்கு மனசில விழுந்த ஆசை இது, ஆனா கேம்பஸ் முடிஞ்ச கையோட வீட்டுக் கடனுக்காக இஞ்ச வந்து ஆறு வருசம் கொங்கிரீட்டோடயே போயிட்டு.

இப்ப வெயில் காலம், 10 மணியில இருந்து 3.30 வரைக்கும் வெளி வேலை செய்ய விடமாட்டாங்க, அதால எங்களுக்கு விடிய 4.30க்கே சைட் தொடங்குது. பின்னேரம் ரூமுக்கு வந்து கொஞ்சம் படுத்தெழும்பி ஒண்டரை மணித்தியாலம் படிக்கிறன். வெள்ளிக்கிழமை லீவு, அண்டைக்கு முழுப் பேப்பரையும் நேரம் வச்சுச் செய்றன், இப்ப அது 1 மணி 58 நிமிசம்தான். ஆங்கிலச் சொல்லு ஒரு நாளைக்குப் பத்துப் படி போகுது, அதுக்கு நான் பயப்படல்ல.

பயம் கணக்குக்குத்தான் சேர். ரெண்டு செக்‌ஷன், முதலாவதில 12 கேள்விக்கு 21 நிமிசம், ரெண்டாவதில 15 கேள்விக்கு 26 நிமிசம். முதலாவதை எப்படிச் செய்றமோ அதப் பார்த்துத்தான் ரெண்டாவது லேசா வாறதும் கஷ்டமா வாறதும். ஸ்கிரீன்லயே கல்குலேட்டர் இருக்கு, கணக்கும் ஓ.எல் அளவுதான், ஆனாலும் பிழைக்குது. போன வெள்ளி வந்தத பாருங்க:

x² = 16 எண்டு தந்து, A பக்கம் x, B பக்கம் 4, எது பெரிசு எண்டு கேள்வி. நான் கண்ண மூடிக்கொண்டு சமன் எண்டு போட்டன். x = -4 ஆயும் இருக்கலாமே, அப்ப தந்த தரவை வச்சுத் தீர்மானிக்க ஏலாது எண்டதுதான் விடை. சைட்டில நீளம், ஆழம் எண்டு பார்த்துப் பார்த்து மைனஸ் வேரை வெட்டி விடுறதே கைப்பழக்கமாப் போச்சு சேர். "மைனஸ எங்கடா விட்டுட்டு வந்தனி" எண்டு நீங்க கொப்பியில சிவப்பால சுழிக்கிறது உடன ஞாபகம் வந்திட்டு. மறுகா பழைய பிழையெல்லாம் எடுத்துப் பார்த்தா பாதிக்கு மேல இதே ஜாதி, சைபரை மறக்கிறது, பின்னத்தை மறக்கிறது, x முழு எண் எண்டு நானா நினைச்சுக்கொள்றது.

இப்ப பிழைக்கெண்டே ஒரு கொப்பி போட்டிருக்கிறன், என்ன நினைச்சுப் பிழைச்சன் எண்டதையும் பக்கத்தில எழுதுறன். அத வெள்ளி வெள்ளி வட்ஸ்அப்பில அனுப்பினா ஒரு அரை மணித்தியாலம் பார்த்துச் சொல்லுவீங்களா சேர்? இஞ்ச பின்னேரம் 5 மணி எண்டா உங்களுக்கு இரவு 7.30, சாப்பாட்டுக்கு முதல் முடிச்சிடலாம். விடை சொல்ல வேணாம், எங்க யோசனை பிசகுது எண்டு மட்டும் சுழிச்சு விட்டாக் காணும். ஏலாட்டியும் சொல்லுங்க, நான் ஒண்டும் நினைக்க மாட்டன்.

டீச்சரக் கேட்டதாச் சொல்லுங்க. டிசம்பர்ல ஊருக்கு வாறன், வந்த உடன வீட்டுக்கு வருவன்.

உங்கட மாணவன்
தயா