தீ விபத்துக்குப் பிந்தைய லாப இழப்புக் கோரிக்கை: மொத்த லாபக் கணக்கீடு

சிவகாசி,
03.01.2025

பெறுநர்: காப்பீட்டு நிறுவனம் நியமித்த சர்வேயர் அவர்கள்
நகல்: காப்பீட்டு நிறுவனத்தின் கிளை மேலாளர்

ஐயா,

09.08.2024 அதிகாலை எங்கள் ஆஃப்செட் அச்சகத்தின் காகிதக் கிடங்கில் மின்கசிவால் தீப்பிடித்தது. நான்கு வண்ண இயந்திரங்கள் மூன்றில் இரண்டு செயலிழந்தன. கட்டடம், இயந்திரம், சரக்குக்கான தீ விபத்துப் பாலிசியில் நிறுவனம் பொறுப்பை ஏற்றுக்கொண்டுவிட்டதால், லாப இழப்புப் பாலிசியின் முன்நிபந்தனை நிறைவேறியிருக்கிறது. இரண்டாவது இயந்திரமும் 08.12.2024 அன்று ஓடத் தொடங்கியது. எனவே எங்கள் இழப்பீட்டுக் காலம் 122 நாட்கள்.

தாங்கள் அனுப்பிய முதற்கட்டக் கணக்கில் ஓராண்டு விற்றுமுதலான ரூ.6,12,00,000-ஐப் பன்னிரண்டால் வகுத்து, நான்கு மாதத்துக்கு ரூ.2,04,00,000 என எடுத்திருக்கிறீர்கள். இதை எங்களால் ஏற்க இயலாது. ஆடிப்பெருக்கு அன்று புதிய காலண்டர் ஆல்பம் வெளியாகி, அதன் பிறகுதான் இந்த ஊரில் தினசரி, மாதக் காலண்டர் ஆர்டர்கள் குவியும். தீபாவளி முடிந்தும் டிசம்பர் நடுப்பகுதி வரை இயந்திரம் நிற்காது. ஆடிப்பெருக்கு முடிந்து ஒரு வாரத்துக்குள் எங்களுக்குத் தீ வந்தது. மே மாதத்தையும் அக்டோபரையும் ஒரே எடையாக நிறுக்கும் கணக்கு எங்கள் தொழிலின் கணக்கு அல்ல. பாலிசியும் சராசரியைக் கேட்கவில்லை. விபத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களுக்குள், இழப்பீட்டுக் காலத்துக்கு நேரான அதே நாட்களின் விற்றுமுதலையே கேட்கிறது. 09.08.2023 முதல் 08.12.2023 வரை அது ரூ.3,40,00,000. ஜிஎஸ்டி தாக்கல்களோடு மாதவாரியாகப் பொருந்தும் பட்டியலை எங்கள் கணக்காளர் சான்றளித்து இணைத்திருக்கிறார்.

வளர்ச்சிக்கான சரிசெய்தல்: 2023 ஏப்ரல்–ஜூலையில் ரூ.1,25,00,000 ஆக இருந்த விற்றுமுதல், 2024-இல் அதே மாதங்களில் ரூ.1,35,00,000. உயர்வு 8 சதவீதம். இதன்படி நியம விற்றுமுதல் ரூ.3,67,20,000.

மொத்த லாப விகிதத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டியிருக்கிறது. எங்கள் 2023-24 தணிக்கைக் கணக்கில் மொத்த லாபம் ரூ.1,47,00,000, அதாவது 24.5 சதவீதம் என்றிருக்கிறது. அதில் அச்சக ஊழியர் கூலி ரூ.39,00,000, மின்சாரம் ரூ.12,00,000 உற்பத்திச் செலவாகக் கழிக்கப்பட்டிருக்கின்றன. பாலிசியில் மொத்த லாபத்துக்கு வேறு விளக்கம்: அட்டவணையில் பெயர் சொல்லிக் குறித்த காப்பீடு செய்யப்படாத செலவுகளை மட்டுமே கழிக்க வேண்டும். அந்தப் பட்டியலில் கூலியும் மின்சாரமும் இல்லை. இயந்திரம் நின்ற நான்கு மாதமும் 38 நிரந்தர ஊழியர்களுக்கு முழுச் சம்பளம் கொடுத்தோம்; இருபது வருடம் மை வாசனையில் நின்றவர்களைத் தீ விபத்தைக் காட்டி வீட்டுக்கு அனுப்ப மனம் வரவில்லை. அந்தச் செலவைக் காக்கத்தான் இந்தப் பாலிசியை எடுத்தோம்.

2023-24 கணக்கு, ரூபாய் லட்சத்தில்:
விற்றுமுதல் 600, இறுதிச் சரக்கு 46, கூட்டினால் 646
கழிக்க: தொடக்கச் சரக்கு 40, காகிதமும் அட்டையும் 348, மை, பிளேட், ரசாயனம் 38, வெளியூர் லாரி வாடகை 22, ஆக 448
மொத்த லாபம் 198. விகிதம் 33 சதவீதம்

இழப்பீட்டுக் காலத்தில் நடந்த விற்றுமுதல் ரூ.1,31,20,000. இதில் ரூ.60,00,000, பக்கத்து அச்சகங்களின் இரவு ஷிப்டில் அச்சிட்டு வாங்கிக் கொடுத்தது. அதை நாங்கள் மறைக்கவில்லை. எங்கள் விற்றுமுதலாகவே சேர்த்திருக்கிறோம். அதற்கான கூடுதல் அச்சுக் கூலி ரூ.13,40,000, ஏற்றி இறக்கும் செலவு ரூ.1,60,000. இந்த ரூ.15,00,000, அதனால் காப்பாற்றப்பட்ட மொத்த லாபமான ரூ.19,80,000-க்குள் அடங்குவதால் முழுவதும் ஏற்கத்தக்கது.

கோரும் தொகை:
விற்றுமுதல் குறைவு 3,67,20,000 – 1,31,20,000 = ரூ.2,36,00,000
அதில் 33 சதவீதம் = ரூ.77,88,000
கூட்ட: கூடுதல் இயக்கச் செலவு ரூ.15,00,000
கழிக்க: மிச்சமான மின்சாரம், தற்காலிக ஊழியர் கூலி ரூ.6,48,000
நிகரம் ரூ.86,40,000
கழிக்க: பாலிசிப்படி ஏழு நாள் நியம மொத்த லாபம் (3,67,20,000-இல் 33 சதவீதத்தை 122-ஆல் வகுத்து 7-ஆல் பெருக்கியது) ரூ.6,95,272
இழப்பீடு ரூ.79,44,728
கழிக்க: பெற்ற முன்பணம் ரூ.25,00,000
வர வேண்டிய பாக்கி ரூ.54,44,728

குறைக்காப்பீட்டுப் பிடித்தம் இதில் எழாது. ஆண்டு விற்றுமுதல் 612 லட்சத்தை 8 சதவீதம் உயர்த்தி 33 சதவீதத்தால் பெருக்கினாலும் ரூ.2,18,11,680 தான் வருகிறது. எங்கள் காப்பீட்டுத் தொகை ரூ.2,40,00,000.

தங்கள் சராசரி முறையில் விற்றுமுதல் குறைவு ரூ.72,80,000, லாப இழப்பு ரூ.24,02,400 என்று முடிகிறது. நாங்கள் இழந்ததில் மூன்றில் ஒரு பங்குகூட அதில் இல்லை. ஆர்டர் புத்தகம், ரத்துக் கடிதங்கள், சம்பளப் பதிவேடு, மின்கட்டண ரசீதுகள், வெளி அச்சகங்களின் பில்கள் ஆகியவற்றின் மூலப் பிரதிகள் அச்சக அலுவலகத்தில் இருக்கின்றன. ஜனவரி 10-க்குள் தாங்கள் ஒரு நாள் குறித்தால், கணக்காளரும் நானும் உடனிருந்து வரி வரியாகக் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
நிர்வாகப் பங்குதாரர்