வாரத்துல ரெண்டு நாள் வீட்ல இருந்து வேலை பாக்க அனுமதி கேட்டு

சார் வணக்கம்,

நேர்ல பேசலாம்னுதான் இருந்தேன், ஆனா நம்ம ஆபீஸ்ல உங்க ரூமுக்குள்ள வந்து உக்காந்தா ரெண்டு நிமிஷத்துல யாராவது கிளையண்ட் வந்துடுறாங்க, இல்லன்னா போன் வந்துடுது, பாதி பேச்சுல எந்திரிச்சு வர்றதுக்கு முழுசா எழுதி அனுப்பிட்டா நீங்க சாவகாசமா படிச்சுட்டு சொல்லலாமேன்னுதான் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

விஷயம் இதுதான் சார். செவ்வாய், வியாழன் ரெண்டு நாள் மட்டும் வீட்ல இருந்து வேலை பாக்க பர்மிஷன் வேணும். மத்த நாலு நாள் எப்பவும் போல ஆபீஸ். அதுவும் நிரந்தரமா இல்ல, முதல்ல ரெண்டு மாசம் பாப்போம், சரியா வந்தா தொடரலாம், இல்லன்னா நீங்க சொல்ற அன்னைக்கே நிறுத்திடலாம்.

ஏன் கேக்குறேன்னா, என் வேலையில ரொம்ப கவனம் வேண்டிய பகுதி ஜிஎஸ்டி 2பி ரீகான்தான்னு உங்களுக்கே தெரியும். 14ம் தேதி 2பி வருது, 20ம் தேதி 3பி கெடு, நடுவுல இருக்குற அஞ்சாறு நாள்லதான் எல்லா கிளையண்டோட பர்ச்சேஸையும் ஒண்ணு ஒண்ணா மேட்ச் பண்ணணும். 2022 ஜனவரில இருந்து 2பி-ல வராத பில்லுக்கு கிரெடிட்டே எடுக்க முடியாதுன்னு ஆனப்புறம் ஒரு பில் விட்டுப்போச்சுன்னா அது நேரா கிளையண்ட் கையில இருந்து போற காசு. இப்போ ஐஎம்எஸ் வேற வந்ததுல இருந்து அதுக்குள்ள போய் எதை அக்செப்ட் பண்றது, எதை பெண்டிங்ல போடுறதுன்னும் பாக்க வேண்டியிருக்கு. இந்த வேலையை நான் பாக்குற டேபிள் எங்க இருக்கு, வாசல் கதவுக்கு நேரா. அம்பத்தூர் ஸ்டீல் கம்பெனி டிரைவர் பில் பையை கொண்டு வந்தா என்கிட்டதான் குடுக்குறார், கூரியர் வந்தா நான்தான் கையெழுத்து, லேண்ட்லைன் அடிச்சா பக்கத்துல இருக்குறது நான்தான். முந்நூறு வரி இருக்குற எக்ஸெல் ஷீட்ல நூத்தி எண்பதாவது வரில இருக்கும்போது எந்திரிச்சுப் போயிட்டு வந்தா மறுபடியும் மேல இருந்துதான் பாக்கணும், அதே இன்வாய்ஸ் நம்பர்ல ஒருத்தர் நடுவுல கோடு போட்டிருப்பார், ஒருத்தர் சாய்வு கோடு போட்டிருப்பார், ஒருத்தர் வருஷத்தை சேத்து எழுதியிருப்பார், மெஷின் அதை மேட்ச் ஆகலன்னு காட்டும், கண்ணாலதான் பாத்து தீக்கணும். இதுக்கு மூணு மணி நேரம் யாரும் கூப்பிடாம இருந்தா போதும் சார், ஒரு நாள் வேலை முடிஞ்சிடும்.

அடுத்தது டிராவல். கூடுவாஞ்சேரில இருந்து நுங்கம்பாக்கம், செங்கல்பட்டு வண்டி காலையில எப்படி வரும்னு சொல்ல வேண்டியதில்ல, தாம்பரத்துல இன்னும் ஏறுவாங்க, நின்னுக்கிட்டேதான் வர்றேன். வீட்டு வாசல்ல இருந்து ஆபீஸ் வாசல் வரைக்கும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல ஆகுது, திரும்பவும் அதே. இதை ஒரு குறையா சொல்லல, வேலைக்கு சேரும்போதே தெரிஞ்சுதான் சேந்தேன். ஆனா வீட்ல இருக்குற ரெண்டு நாள்ல அந்த மூணு மணி நேரத்துல ஒண்ணு உங்க வேலைக்கே வரும், காலைல 8.45க்கே ஆரம்பிச்சிடுவேன். போர்ட்டல் அந்த நேரத்துல வேகமாவும் இருக்கும், 11 மணிக்கு மேல, அதுவும் 18, 19 தேதில, சுத்திக்கிட்டே இருக்கும்னு நம்ம எல்லாருக்கும் அனுபவம்தான்.

மூணாவது காரணம் சொந்த காரணம், மறைக்கல. மாமியாருக்கு முட்டி ஆபரேஷன் ஆகியிருக்குன்னு சொல்லியிருந்தேன். என் வீட்டுக்காரர் மறைமலை நகர்ல ஷிஃப்ட்ல இருக்கார், ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. பாத்துக்க ஒரு அம்மா வர்றாங்க, சமையல், மருந்து, நடக்க வைக்கிறது எல்லாம் அவங்கதான், அதனால நான் வேலை நேரத்துல அவங்களை கவனிக்கப் போறேன்னு நினைக்காதீங்க. வீட்ல ஒரு ஆள் இருக்கோம்ங்கிற தைரியம் அவங்களுக்கு, மனசு அங்க ஓடாம வேலை பாக்கலாம்ங்கிற நிம்மதி எனக்கு, அவ்ளோதான். இந்த காரணம் மட்டும் இருந்திருந்தா லீவ் கேட்டிருப்பேன், இதை கேட்டிருக்க மாட்டேன்.

டிரயல் எப்போன்னா, பொங்கல் லீவ் முடிஞ்சு ஜனவரி 3பி எல்லாம் ஃபைல் ஆனப்புறம், 21ம் தேதில இருந்து மார்ச் 20 வரைக்கும். ஃபிப்ரவரி ஒரு முழு சைக்கிள், மார்ச் ஒரு முழு சைக்கிள், ரெண்டு 3பி பாத்துட்டா உங்களுக்கு நல்லாவே தெரிஞ்சிடும். மார்ச் கடைசி பத்து நாள் இயர் எண்ட், அப்போ நான் ஆபீஸ்லதான் இருப்பேன், டிரயல் நல்லா போயிருந்தாலும் சரி. அதே மாதிரி செவ்வாயோ வியாழனோ 7, 10, 11, 19, 20 தேதில வந்தா அன்னைக்கு வீடு கிடையாது. 7 டிடிஎஸ் கட்டுறது, 11 ஜிஎஸ்டிஆர்-1, 20 3பி, இந்த நாள்ல உங்க பக்கத்துல இருக்கணும். ஜனவரி கடைசி ரெண்டு நாளும் டிடிஎஸ் ரிட்டர்னுக்காக வந்துடுவேன். அந்த மாதிரி போன நாளுக்கு பதிலா வேற நாள் குடுங்கன்னு கேக்க மாட்டேன், போனது போனதுதான்.

டிஎஸ்சி டோக்கன் எதையும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகப் போறதில்ல, எல்லாம் உங்க பீரோலயே இருக்கட்டும். பிரைவேட் லிமிடெட், எல்எல்பி எல்லாம் டிஎஸ்சி போட்டுதான் ஃபைல் பண்ணணும்ங்கிறதால அந்த ஃபைலிங் ஆபீஸ் நாள்ல மட்டும். வீட்ல இருந்து ரீகான், 3பி ஒர்க்கிங் ஷீட், வெண்டர் ஃபாலோஅப், டேலி என்ட்ரி செக்கிங் இது மட்டும். ஆபீஸ் லேப்டாப்லதான் பாப்பேன், சொந்த லேப்டாப் கிடையாது, சர்வருக்குள்ள ரிமோட்ல வந்து அங்கயே வேலை பாப்பேன், ஒரு ஃபைலும் வெளில காப்பி ஆகாது, பெண்டிரைவ் போர்ட்டை நம்ம சிஸ்டம் பையனை விட்டு லாக் பண்ணிடச் சொல்லுங்க, எனக்கும் அதுதான் நிம்மதி. பாஸ்வேர்ட் நோட்டும் ஆபீஸை விட்டு வராது.

இதை ஏன் இவ்ளோ விளக்குறேன்னா, லாக்டவுன் நேரம் உங்களுக்கு ஞாபகம் வரும்னு தெரியும். அப்போ எல்லாரும் ஒரே நாள்ல வீட்டுக்குப் போயிட்டோம், லேப்டாப் பாதி பேருக்கு இல்ல, டேலி டேட்டா பெண்டிரைவ்ல சுத்துச்சு, யார்கிட்ட இருக்குறது லேட்டஸ்ட்னே தெரியல, கூப்பிட்டா பாதி பேர் எடுக்கல. அது திட்டமில்லாம நடந்தது சார். இது ஒரே ஆள், ரெண்டே நாள், டேட்டா இருக்குற இடத்தை விட்டு நகராது. இன்னொண்ணும் சொல்லணும், 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வந்தப்போ சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் நாலு மாவட்டத்துக்கும் 3பி கெடுவை 27ம் தேதி வரை தள்ளினாங்க, ஆனா அந்த உத்தரவு கெடு தேதி அன்னைக்குதான் வந்துச்சு, அது வரைக்கும் எல்லாரும் கையைப் பிசைஞ்சுக்கிட்டுதான் இருந்தோம். ரிமோட் ஏற்பாடு ஒண்ணு சோதிச்சு ரெடியா இருந்தா அடுத்த மழைக்கு ஆபீஸுக்கே உபயோகம், எனக்காக மட்டும் இல்ல.

இப்போ வேலை அளவு. ஆபீஸ்ல இருக்குற நாள்ல சராசரியா நாலு கிளையண்ட் ரீகான் முடிக்கிறேன், நல்ல நாளா இருந்தா அஞ்சு. வீட்ல இருக்குற நாள்ல ஆறு முடிச்சுக் குடுப்பேன், இது என் வாக்கு. பாண்டி பஜார் ஜவுளிக்கடை மாதிரி பெரிசு ஒண்ணு இருந்தா அதை ரெண்டா கணக்கு வச்சுக்கலாம், ஏன்னா அந்த ஒரு கடைக்கே சூரத் வெண்டர் மட்டும் பக்கம் பக்கமா வருவாங்க. காலைல ஆரம்பிக்கும்போது எந்த ஆறு கிளையண்ட்னு நம்ம குரூப்ல போட்டுடுவேன், சாயங்காலம் 6 மணிக்கு ஸ்டேட்டஸ் ஷீட் உங்களுக்கு வந்துடும், எத்தனை பில் மேட்ச், எது 2பி-ல இல்ல, எந்த வெண்டரை கூப்பிட்டேன், அவர் என்ன சொன்னார், எல்லாம் அதுல இருக்கும். நீங்க வேணும்னா ஏதாவது ஒரு கிளையண்டை எடுத்து குறுக்கா செக் பண்ணுங்க, சொல்லாமலே பண்ணுங்க. எல்லா 3பி ஒர்க்கிங் ஷீட்டும் 18ம் தேதி சாயங்காலத்துக்குள்ள உங்க கைக்கு வரணும், கிளையண்ட் பில் குடுக்காத கேஸ் தவிர. என் பக்கம் தாமதத்தால ஒரே ஒரு ரிட்டர்ன் லேட்டாகி, நாளுக்கு 50 ரூபாய் லேட் ஃபீயோ 18 சதவீத வட்டியோ விழுந்தாலும் அந்த வாரத்தோட டிரயலை நிறுத்திடுங்க, நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

போன் எப்பவும் ஆன்ல இருக்கும், மதியம் 1.15ல இருந்து 2 வரை சாப்பாடு, அது தவிர எடுக்காம இருந்தா பத்து நிமிஷத்துல நானே கூப்பிடுவேன். லேண்ட்லைனை அந்த ரெண்டு நாள் கீதா அக்கா பாத்துக்குறேன்னு சொல்லிட்டாங்க, பதிலுக்கு அவங்களோட பிஎஃப், ஈஎஸ்ஐ சலான் செக்கிங்கை நான் எடுத்துக்குறேன், 15ம் தேதி கெடுவுக்கு முன்னாடியே முடிச்சுடுவேன். ஆர்ட்டிகிள் பசங்க சந்தேகம் கேக்குறது நிக்கக்கூடாதுன்னு நீங்க சொல்வீங்க, சாயங்காலம் 4 மணிக்கு அரை மணி நேரம் வீடியோ கால், ஸ்கிரீனை ஷேர் பண்ணி காட்டிடுறேன், உண்மையா சொன்னா இப்போ வர்ற மாதிரி அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை வராம சேத்து வச்சு கேட்டா அவங்களுக்கும் நல்லதுதான்.

கரண்ட் பத்தி கேப்பீங்க. வீட்ல இன்வெர்ட்டர் இருக்கு, ஃபைபர் லைன் இருக்கு, அது போனா மொபைல் ஹாட்ஸ்பாட். எங்க ஏரியால மாசத்துக்கு ஒரு நாள் ஈபிகாரங்க பராமரிப்புன்னு காலைல நிறுத்திட்டு மதியத்துக்கு மேலதான் விடுவாங்க, முன்னாடியே அறிவிப்பு வந்துடும், அது செவ்வாய் வியாழன்ல வந்தா நான் ஆபீஸ் வந்துடுறேன்.

சம்பளத்துல எதுவும் கேக்கல. டிராவல் அலவன்ஸ் அந்த ரெண்டு நாளுக்கு வேணாம், பிடிச்சுக்கோங்க. எனக்குக் குடுத்தா மத்தவங்களும் கேப்பாங்களேன்னு தோணலாம், நியாயம்தான். ஆனா ஃப்ரண்ட் டெஸ்க்குக்கோ ஆடிட் ஃபீல்டுக்குப் போறவங்களுக்கோ இது பொருந்தாது, ரீகான் பாக்குற ஆளுக்கு மட்டும்தான் பொருந்தும், அதை அப்படியே சொல்லலாம். யாராவது கேட்டாலும் இந்த ரெண்டு மாச ஷீட்டை காட்டி இந்த அளவு வேலை குடுத்தா பேசலாம்னு சொல்லிடலாம்.

ரெண்டு நாள் அதிகம்னு தோணுச்சுன்னா முதல் மாசம் வியாழன் மட்டும் வச்சுக்கலாம், செவ்வாயை ஃபிப்ரவரி 3பி முடிஞ்சப்புறம் பாத்துக்கலாம், எனக்கு சம்மதம்.

சனிக்கிழமை 4 மணிக்கு மேல நீங்க ஃப்ரீயா இருப்பீங்கன்னு நினைக்கிறேன், அப்போ பத்து நிமிஷம் குடுத்தீங்கன்னா போன மாச ரீகான் ஷீட்டையும் எடுத்துட்டு வர்றேன், எந்த கிளையண்டுக்கு எவ்ளோ நேரம் ஆச்சுன்னு அதுல குறிச்சு வச்சிருக்கேன்.

சுகந்தி