நம்ம கடை பாயின்ட்: சேர்வது, காலாவதி ஆவது, கழிப்பது

பில் கவுன்ட்டரில் ஒட்டியிருந்த பழைய விதிமுறைத் தாளுக்குப் பதிலாக இதை வைத்திருக்கிறோம். மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு, நங்கநல்லூர் ஆகிய நான்கு கிளைகளுக்கும் இது பொருந்தும். 2026 ஜனவரி 1 முதல் கவுன்ட்டரில் எந்தச் சந்தேகம் வந்தாலும் இந்தத் தாளில் இருப்பதுதான் கணக்கு. விதி எதுவும் மாறவில்லை, உங்களிடம் இருக்கும் பாயின்ட்டும் அப்படியே இருக்கிறது. மாற்றியது எழுத்தை மட்டும்தான்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு: 100 ரூபாய்க்கு 1 பாயின்ட். 1 பாயின்ட்டின் மதிப்பு 1 ரூபாய். கணக்கில் 50 சேர்ந்ததும் பில்லில் கழித்துக்கொள்ளலாம். வாங்கிய மாதத்தின் கடைசித் தேதியிலிருந்து ஒரு வருடத்தில் காலாவதி. நேரம் இருப்பவர்கள் காலாவதி பற்றிய பகுதியைக் கட்டாயம் படியுங்கள், ஏமாற்றம் வருவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

எப்படிச் சேரும்

பில் போடும்போது உங்கள் போன் நம்பரைச் சொன்னால் போதும், கார்டு எதுவும் வேண்டாம். வீட்டில் யார் வந்து வாங்கினாலும் அதே நம்பரைச் சொல்லலாம். பணமாகக் கொடுத்தாலும் யூபிஐ, கார்டு மூலம் கொடுத்தாலும் பாயின்ட் ஒன்றுதான். உங்கள் பேங்க் கார்டு தரும் பாயின்ட் தனி, அதற்கும் நமக்கும் சம்பந்தமில்லை.

கணக்கு ஒவ்வொரு பில்லுக்கும் தனித்தனி. முழு நூறுகளை மட்டும் எண்ணுவோம், மீதி அடுத்த பில்லுக்குப் போகாது. 499 ரூபாய் பில்லுக்கு 4 பாயின்ட்தான். காலையில் 60 ரூபாய்க்கும் சாயங்காலம் 70 ரூபாய்க்கும் வாங்கினால் இரண்டுக்கும் பாயின்ட் கிடையாது. அதையே ஒரே பில்லாகப் போட்டிருந்தால் 1 பாயின்ட் வந்திருக்கும். சில்லறைச் சாமானைச் சேர்த்து வாங்குவது உங்களுக்குத்தான் லாபம்.

தள்ளுபடி போக நீங்கள் கட்டும் தொகைக்குத்தான் பாயின்ட். எம்ஆர்பியிலேயே வரி அடங்கியிருப்பதால் அதைத் தனியாகக் கழிப்பதில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் ஆர்டருக்கும் இதே கணக்குதான், ஆனால் டெலிவரி கட்டணம் சேராது. சாமான் உங்கள் கைக்கு வந்த பிறகே பாயின்ட் ஏறும்.

சேர்ந்த பாயின்ட்டை மறுநாள் காலை கடை திறந்ததிலிருந்து பயன்படுத்தலாம், அதே பில்லில் முடியாது.

சொந்தப் பை கொண்டுவந்து 200 ரூபாய்க்கு மேல் வாங்கினால் 1 பாயின்ட் கூடுதல். மஞ்சப்பையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, பழைய கட்டைப்பையும் சரிதான். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருப்பதால் எங்களிடம் துணிப்பை விலைக்குத்தான் கிடைக்கும். அந்தப் பையின் விலைக்கும் பாயின்ட் உண்டு.

எதற்குச் சேராது

பால் பாக்கெட், சிகரெட், மொத்த விலை பில் ஆகியவற்றுக்குப் பாயின்ட் இல்லை. கல்யாணச் சமையல்காரர்களுக்கும் மெஸ்களுக்கும் மூட்டைக் கணக்கில் போடுகிறோமே, அதுதான் மொத்த விலை பில். பரிசுக் கூப்பன் வாங்கும்போதும் சேராது. அந்தக் கூப்பனைக் கொடுத்து யார் சாமான் வாங்குகிறார்களோ அவர்களுக்குச் சேரும்.

குழந்தைகளுக்கான பால்பவுடர், பால் புட்டி, குழந்தை உணவு டப்பா ஆகியவற்றுக்கும் பாயின்ட் இல்லை. விலை அதிகமான சாமானுக்கு மட்டும் ஏன் மறுக்கிறீர்கள் என்று இளம் பெற்றோர்கள் கோபப்படுகிறார்கள், நியாயம்தான். ஆனால் இது கடையின் கஞ்சத்தனம் இல்லை. தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுக்கும் பொருட்களை வாங்கத் தூண்டும் விதமாக எந்தச் சலுகையும் கொடுக்கக் கூடாது என்று 1992-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதனால் இவற்றுக்குப் பாயின்ட் சேர்ப்பதும் இல்லை, பாயின்ட்டைக் கழிப்பதும் இல்லை.

ஒரு பொங்கல் பில்லைப் பார்ப்போம். மொத்தம் 2,846 ரூபாய். அதில் பால் பாக்கெட்டும் குழந்தைப் பால்பவுடரும் 610 ரூபாய். மீதி 2,236 ரூபாய்க்கு 22 பாயின்ட். பில்லின் அடியில் 'பாயின்ட் சேரும் தொகை' என்று அச்சாகும் வரியில் இந்த 2,236 இருக்கும். மொத்தத் தொகையைப் பார்த்து 28 வர வேண்டுமே என்று நினைத்தால் முதலில் அந்த வரியைப் பாருங்கள்.

எப்போது காலாவதி ஆகும்

ஒரு மாதத்தில் சேர்ந்த பாயின்ட் எல்லாம், அடுத்த வருடம் அதே மாதத்தின் கடைசி நாள் கடை மூடும்வரை செல்லும். 2026 ஜனவரி 3-இல் சேர்ந்ததும் ஜனவரி 30-இல் சேர்ந்ததும் 2027 ஜனவரி 31-இல்தான் முடியும். நடுவில் புதிதாகச் சாமான் வாங்கினால் பழைய பாயின்ட்டின் ஆயுள் நீளாது. அடிக்கடி வந்துகொண்டிருந்தால் எதுவும் போகாது என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை.

இதனால் தீபாவளிக்குச் சேர்த்து வைப்பவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். 2025-இல் தீபாவளி அக்டோபர் 20. அதற்கு வாங்கிய எண்ணெய், கடலை மாவு, நெய்க்கெல்லாம் நல்ல பாயின்ட் ஏறியிருக்கும். அடுத்த தீபாவளிக்குக் கழித்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தால், 2026 தீபாவளி வருவது நவம்பர் 8-இல். உங்கள் பாயின்ட் அக்டோபர் 31 இரவோடு போய்விடும். பட்சணச் சாமானை ஒரு வாரம் முன்னதாக, அக்டோபருக்குள் வாங்கிவிட்டால் தப்பிக்கும்.

கழிக்கும்போது பழைய பாயின்ட்டிலிருந்துதான் எடுப்போம், நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. உதாரணத்துக்கு, ஒருவர் கணக்கில் 2025 அக்டோபரில் சேர்ந்தது 40, 2026 ஜனவரியில் 22, மார்ச்சில் 30, ஆக 92 இருக்கிறது. 2026 அக்டோபரில் நவராத்திரிச் சாமானுக்கு 60 கழிக்கிறார். அக்டோபரின் 40 முழுதாகவும் ஜனவரியின் 20-உம் போகும். மிச்சம் 32: ஜனவரியின் 2, மார்ச்சின் 30.

இனி அவர் எதுவும் வாங்காவிட்டால் 50-ஐத் தொட மாட்டாரே, அந்த 32 வீணா? இல்லை. காலாவதி ஆகும் மாதத்தில் மட்டும், அந்த மாதம் முடியப்போகும் பாயின்ட்டுக்கு 50 என்ற வரம்பு கிடையாது. 2027 ஜனவரியில் வந்தால் அந்த 2-ஐயும், மார்ச்சில் வந்தால் அந்த 30-ஐயும் கழித்துக்கொள்ளலாம். பழைய தாளில் இது கடைசிப் பத்தியில் பொடி எழுத்தில் இருந்தது. மாதம் முந்நூறு நானூறு ரூபாய்க்கு மட்டும் வாங்குபவர்களுக்கு மிகவும் பயன்படும் விதி இதுதான்.

10 பாயின்ட்டோ அதற்கு மேலோ முடியப்போகிறது என்றால் அந்த மாதம் 1-ஆம் தேதி எஸ்எம்எஸ் வரும். அதற்குக் குறைவென்றால் வராது. காலாவதி ஆனதைத் திருப்பிப் போடச் சொல்லிக் கேட்டால் காஷியரால் முடியாது, அவர் மேல் கோபப்பட வேண்டாம்.

எப்படிக் கழிப்பது

பணம் கட்டும் முன் "பாயின்ட் கழிங்க" என்று சொல்லுங்கள். எவ்வளவு என்பதும் உங்கள் விருப்பம். பில் அச்சான பிறகு கழிக்க முடியாது. உங்கள் போனுக்கு ஓடிபி வரும், அதைக் கவுன்ட்டரில் சொல்ல வேண்டும். நம்பர் அம்மாவுடையது, கடைக்கு வந்திருப்பது மகள் என்றால், மகள் அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொல்லலாம். நீங்கள் கடையில் இல்லாதபோது நாங்களாகப் போன் செய்து ஓடிபி கேட்க மாட்டோம். அப்படி யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஒரு பில்லில், பாயின்ட் சேரும் தொகையில் பாதிவரைதான் கழிக்கலாம். கணக்கில் 180 இருக்கிறது, அந்தத் தொகை 300 ரூபாய் என்றால் அதிகபட்சம் 150 கழியும். மீதி 150 ரூபாயைக் கட்டுவீர்கள், அதற்கு 1 பாயின்ட் சேரும், கணக்கில் 31 நிற்கும். பாயின்ட்டுக்குப் பணமாகத் தர மாட்டோம். ஒருவர் பாயின்ட்டை இன்னொரு நம்பருக்கு மாற்றவும் முடியாது.

சாமானைத் திருப்பிக் கொடுத்தால்

வாங்கிய 7 நாளுக்குள் பில்லோடு திருப்பிக் கொடுக்கும் சாமானுக்குச் சேர்ந்த பாயின்ட் குறைக்கப்படும். அதற்குக் கழித்திருந்த பாயின்ட் பழைய காலாவதித் தேதியோடு திரும்பி வரும். அந்தத் தேதி தாண்டியிருந்தால் திருப்பிக் கொடுத்த நாளிலிருந்து 15 நாள் அவகாசம் உண்டு.

நம்பர் சொல்ல மறந்தாலும் இதே 7 நாள்தான். பில்லைக் கொண்டுவந்தால் ஏற்றித் தருவோம், பில் இல்லாமல் முடியாது.

போன் நம்பர் மாறினால்

பழைய நம்பர் இயங்கும்போதே வந்து மாற்றிக்கொள்வது நல்லது, இரண்டு நம்பருக்கும் ஓடிபி அனுப்பி அங்கேயே முடித்துவிடலாம். ரீசார்ஜ் செய்யாமல் விட்டுத் துண்டிக்கப்பட்ட நம்பரை 90 நாளுக்குப் பிறகு போன் கம்பெனி வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். அந்த ஆள் நம் கடைக்கு வந்து அதே நம்பரைச் சொன்னால் உங்கள் பாயின்ட் அவர் கைக்குப் போய்விடும். பழைய நம்பர் ஏற்கனவே போய்விட்டதென்றால் அந்த நம்பர் அச்சான பில் ஒன்றும் உங்கள் அடையாள அட்டையும் கொண்டுவாருங்கள்.

கணக்குக்காரர் காலமாகிவிட்டால் வீட்டில் ஒருவர் இறப்புச் சான்றிதழைக் காட்டித் தன் நம்பருக்கு மாற்றிக்கொள்ளலாம். இதற்குக் கட்டணம் இல்லை, அவசரமும் இல்லை, ஒரு வருடம்வரை நிறுத்தி வைத்திருப்போம்.

விதி மாறினால்

30 நாள் முன்பே கவுன்ட்டரில் எழுதி ஒட்டுவோம், எஸ்எம்எஸ்ஸும் வரும். அதற்கு முன் சேர்ந்த பாயின்ட்டின் மதிப்பும் தேதியும் குறையாது. பாயின்ட் திட்டத்தையே நிறுத்தினாலும் கையில் இருப்பதைக் கழிக்க 90 நாள் தருவோம், அந்த நாட்களில் 50 வரம்பு இல்லை.

கணக்கில் தவறு தெரிந்தால் பில்லோடு எந்தக் கிளை மேனேஜரிடமும் காட்டுங்கள், பில் போட்ட கிளைக்கே போக வேண்டியதில்லை. 3 வேலை நாளில் பதில் வரும். அதில் திருப்தி இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.